மகப்பேறு விடுப்புக் கடிதம்: தேதி, பொறுப்பு, திரும்பும் நாள்

"திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி நிறுவனத்தில் 4 வருடமாகக் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். சம்பளம் 34,000 ரூபாய். ஞாயிறு மட்டும்தான் லீவு. முதல் குழந்தை, ஆகஸ்ட் 20, 2026 என்று டாக்டர் தேதி கொடுத்திருக்கிறார். மேனேஜரிடம் வாய்வார்த்தையாகச் சொன்னேன். 'ஒரு லெட்டர் கொடுத்துடும்மா. ஆனா ஜி.எஸ்.டி. வேலையெல்லாம் யார் பார்ப்பாங்க? மாசம் ரெண்டு நாள் வீட்டுல இருந்தே பார்த்துக்க முடியுமா?' என்கிறார். எந்தத் தேதியிலிருந்து லீவு கேட்பது? திரும்பி வரும் தேதியை உறுதியாக எழுதலாமா? கடிதத்தில் என்னென்ன இருக்க வேண்டும்?"
— வாசகி, திருப்பூர்

கடிதத்தின் முதல் வரியிலேயே தேதிகளைச் சொல்லிவிடுங்கள். 20.07.2026 திங்கள் முதல் 17.01.2027 ஞாயிறு வரை விடுப்பு, 18.01.2027 திங்கள் காலை வேலைக்கு வருகிறேன் என்று எழுதலாம். இந்தத் தேதிகள் எப்படி வந்தன என்பதைக் கீழே சொல்கிறேன். உங்களுக்கு வேறு நாள் தோதாக இருந்தால் அதே கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளலாம்.

பழைய மகப்பேறு பலன் சட்டத்தின் இடத்தில் 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பின்படி, முதல் இரண்டு குழந்தைகளுக்கு ஊதியத்துடன் 26 வாரம் விடுப்பு உண்டு. அதில் அதிகபட்சம் 8 வாரத்தைத்தான் எதிர்பார்க்கும் பிரசவ நாளுக்கு முன்னால் எடுக்கலாம். பிரசவ நாளுக்கு முந்தைய 12 மாதத்தில் 80 நாள் வேலை பார்த்திருந்தால் போதும், எனவே உங்களுக்குத் தகுதிச் சிக்கல் இல்லை. மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்து இ.எஸ்.ஐ.யில் சேர்ந்தவர்களுக்குப் பணம் இ.எஸ்.ஐ. அலுவலகத்திலிருந்து வரும். உங்கள் சம்பளம் அந்த வரம்பைத் தாண்டியது, நிறுவனம்தான் தர வேண்டும்.

"6 மாதம் லீவு வேண்டும்" என்று மட்டும் எழுதாதீர்கள். பெரும்பாலான குழப்பம் இந்த ஒரு சொல்லில்தான் ஆரம்பிக்கிறது. 26 வாரம் என்றால் 182 நாள். ஜூலை 20-லிருந்து 6 மாதம் என்று காலண்டரைப் பார்த்தால் ஜனவரி 19 வரை வரும், அது 184 நாள். நீங்கள் 20-ம் தேதி வருவதாக நினைத்துக்கொண்டிருப்பீர்கள், சம்பளப் பிரிவு இரண்டு நாளைச் சம்பளமில்லா விடுப்பில் போட்டுவிடும். இந்த 182 நாளில் ஞாயிறும் பண்டிகை லீவும் அடங்கும். அந்த ஞாயிறுகளுக்கும் பணம் உண்டு. வாரம் என்றால் ஞாயிறையும் சேர்த்து 7 நாள் என்பதை 1977-லேயே உச்ச நீதிமன்றம் முடிவு செய்துவிட்டது. கோவை தொழிலாளர் நீதிமன்றத்திலிருந்து மேலே போன, ஒரு தோட்டத் தொழிலாளியின் வழக்கு அது. வாரத்துக்கு 6 நாள் என்று யாராவது கணக்குப் போட்டால் இதைச் சொல்லுங்கள்.

சட்டப்படி நீங்கள் ஜூன் 25 அன்றே விடுப்பில் போகலாம், பிரசவத்துக்குச் சரியாக 8 வாரம் முன்பு. ஆனால் மொத்த நாள் அதிகமாகாது. ஜூன் 25-ல் போனால் டிசம்பர் 23-ல் முடிந்துவிடும், குழந்தைக்கு அப்போது 4 மாதம்தான் ஆகியிருக்கும். ஜூலை 20-ல் போனால் ஏறக்குறைய 5 மாதம் கையில் இருக்கும். முன்னால் எடுக்கும் ஒவ்வொரு வாரமும் பின்னால் குறைகிறது. வீட்டில் "8 மாசத்துலயே நின்னுடு" என்று சொன்னால் இந்தக் கணக்கைக் காட்டுங்கள். ரத்த அழுத்தம், முன்கூட்டியே வலி என்று டாக்டர் ஓய்வு சொன்னால் மட்டும் இந்த யோசனையை ஒதுக்கிவிட்டு அவர் சொல்லும் தேதியை எழுதுங்கள்.

பிரசவத் தேதிக்கு டாக்டரின் சான்றிதழை இணைக்க வேண்டும். உங்கள் ஃபைலில் கடைசி மாதவிடாயை வைத்து ஒரு தேதியும் ஸ்கேனை வைத்து இன்னொரு தேதியும் இருக்கலாம். டாக்டர் சான்றிதழில் எழுதிய தேதி எதுவோ அதை மட்டும் கடிதத்தில் போடுங்கள். கடிதத்தில் ஒரு தேதியும் சான்றிதழில் வேறு தேதியும் இருந்தால் மனிதவளப் பிரிவு திருப்பி அனுப்பிவிடும்.

அடுத்து, உங்கள் மேனேஜரை உண்மையில் உறுத்திக்கொண்டிருக்கும் விஷயத்துக்கு வருகிறேன். "யார் பார்ப்பாங்க" என்று கேட்பவருக்கு "பொறுப்புகளை முறையாக ஒப்படைத்துவிட்டுச் செல்வேன்" என்ற வரி எந்தப் பதிலும் சொல்வதில்லை. உங்கள் வேலை தேதிக்கு ஓடும் வேலை. 7-ம் தேதி டி.டி.எஸ். கட்ட வேண்டும், 11-ல் ஜி.எஸ்.டி.ஆர்.-1, 15-ல் பி.எஃப்.பும் இ.எஸ்.ஐ.யும், 20-ல் ஜி.எஸ்.டி.ஆர்.-3பி. ஆகவே ஒப்படைப்பையும் மாதச் சுற்றாகவே திட்டமிடுங்கள். மூன்று சுற்று வேண்டும். மே மாதச் சுற்றில் நீங்கள் செய்வீர்கள், பொறுப்பு ஏற்பவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பார். ஜூனில் அவர் செய்வார், நீங்கள் பக்கத்தில் இருப்பீர்கள். ஜூலையில் அவர் தனியாகச் செய்துவிட்டு, தாக்கல் பொத்தானை அழுத்தும் முன் உங்களிடம் காட்டுவார். இரண்டு சுற்றோடு நிறுத்தினால், முதன்முறை தனியாகச் செய்யும்போது வரும் தவறைப் பிடிக்க நீங்கள் அங்கே இருக்கமாட்டீர்கள். மூன்று சுற்று கிடைக்க வேண்டுமானால் கடிதம் ஏப்ரல் கடைசிக்குள் போய்ச்சேர வேண்டும். ஏப்ரல் 27 திங்கள் கொடுத்தால் விடுப்புக்குச் சரியாக 12 வாரம் இருக்கும்.

உங்கள் தேதியில் ஒரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. விடுப்பு தொடங்கும் ஜூலை 20-தான் ஜூன் மாத 3பி-யின் கடைசி நாளும். உள்ளீட்டு வரியைச் சரிபார்க்கும் 2பி அறிக்கை 14-ம் தேதிதான் போர்ட்டலில் வரும். 14 செவ்வாய்க்கும் 18 சனிக்கும் இடையில் 3பி-யை முடித்துவிட வேண்டும். "ஜூன் மாத 3பி ஜூலை 17-க்குள் தாக்கல் செய்யப்படும்" என்று கடிதத்திலேயே எழுதிவிடுங்கள். மேனேஜருக்கு அந்த ஒரு வரி பெரிய நிம்மதி. நீங்கள் இல்லாதபோது வருகிற பெரிய தேதிகளையும் சொல்லிவிடுங்கள். ஜூலை 31 காலாண்டு டி.டி.எஸ். ரிட்டர்ன், செப்டம்பர் 30 வரித் தணிக்கை அறிக்கை, டிசம்பர் 31 ஜி.எஸ்.டி. ஆண்டு ரிட்டர்ன். ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு பெயர் இருக்க வேண்டும். தணிக்கைக்கு ஆடிட்டர் அலுவலகத்தில் யாரிடம் பேசுவது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இனி ஓ.டி.பி. விஷயம். சிறிய, நடுத்தர நிறுவனங்களில் முதலாளியைத் தொந்தரவு செய்ய வேண்டாம் என்று ஜி.எஸ்.டி. போர்ட்டலில் கணக்காளரின் செல்போன் எண்ணைக் கொடுத்து வைத்திருப்பார்கள். இ-வே பில் தளத்திலும் அதே எண்தான் இருக்கும். அங்கே 2025 ஏப்ரலிலிருந்து எல்லோருக்கும் ஓ.டி.பி. கட்டாயம். பயனர் பெயர், பாஸ்வேர்டு எல்லாவற்றையும் அழகாக எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருப்பீர்கள், ஓ.டி.பி. மட்டும் உங்கள் போனுக்கு வரும். லோடு ஏற்றிய வண்டி கேட்டில் நிற்கும், நீங்கள் பிரசவ வார்டில் இருப்பீர்கள். வீட்டிலிருந்து வேலை பார்க்கச் சொல்லி யாரும் கேட்காமலேயே தினம் பத்து தடவை போன் வருவது இப்படித்தான்.

இதைச் சரிசெய்வது சுலபம், ஆனால் விடுப்புக்கு முன்பே செய்ய வேண்டும். ஜி.எஸ்.டி. போர்ட்டலில் எண்ணை மாற்றும் இடம் இது:

```
Services > Registration > Amendment of Registration Non-Core Fields
```

அதில் அங்கீகரிக்கப்பட்ட கையொப்பதாரரின் பக்கத்தில் புதிய எண்ணையும் மின்னஞ்சலையும் கொடுத்தால் இரண்டுக்கும் ஓ.டி.பி. வரும். உறுதி செய்து டிஜிட்டல் கையொப்பத்துடனோ ஓ.டி.பி. வழியாகவோ சமர்ப்பிக்க வேண்டும். இதற்கு அதிகாரியின் ஒப்புதல் தேவையில்லை. இ-வே பில் தளத்தில் பொறுப்பு ஏற்பவருக்கு அவருடைய எண்ணிலேயே ஒரு சப்-யூசர் உருவாக்கிவிடுங்கள், ஓ.டி.பி. நேராக அவருக்குப் போகும். வங்கியின் நெட் பேங்கிங்கில் நீங்கள் பணப் பரிமாற்றத்தைப் பதிவுசெய்பவராக இருந்தால், புதிய பயனரைச் சேர்க்க வங்கிக்குக் கடிதம் கொடுத்து ஆள் அலைய வேண்டியிருக்கும். அதை ஜூலைக்குத் தள்ளாமல் மே மாதமே ஆரம்பியுங்கள். டி.டி.எஸ்., பி.எஃப்., இ.எஸ்.ஐ. தளங்களிலும் யார் எண் இருக்கிறது என்று ஒரு தடவை உள்ளே போய்ப் பார்த்துவிடுங்கள்.

எல்லாம் மாறிவிட்டதா என்று தெரிந்துகொள்ள ஒரு வழி இருக்கிறது. ஜூலை இரண்டாவது வாரத்தில் ஒரு நாள் முழுக்க உங்கள் போனை மேசை டிராயரில் வைத்துவிடுங்கள். சாயங்காலம் எடுத்துப் பார்க்கும்போது ஓ.டி.பி. எதுவும் வந்திருக்கக் கூடாது. வந்திருந்தால் எந்தத் தளத்திலிருந்து வந்தது என்று அந்தக் குறுஞ்செய்தியே சொல்லிவிடும்.

"மாசம் ரெண்டு நாள் வீட்டுல இருந்து" என்ற கோரிக்கைக்குக் கடிதத்தில் சம்மதம் எழுதாதீர்கள். மேனேஜர் நல்ல எண்ணத்தில்தான் கேட்கிறார், ஆனால் அது இருவருக்கும் வம்பு. அனுமதிக்கப்பட்ட மகப்பேறு விடுப்புக் காலத்தில் வேலை செய்தால் அந்த நாட்களுக்கான பலனை இழக்க வேண்டியிருக்கும் என்று சட்டம் சொல்கிறது. பிரசவத்துக்குப் பிந்தைய 6 வாரத்தில் தெரிந்தே வேலை வாங்குவது நிறுவனத்தின் மேல் குற்றமாகிறது. விடுப்பு அறிவிப்பிலேயே "இந்தக் காலத்தில் எந்த நிறுவனத்திலும் வேலை செய்யமாட்டேன்" என்ற உறுதிமொழியும் இருக்க வேண்டும். அதே தாளில் வீட்டிலிருந்து வேலை பார்ப்பதாகவும் எழுதினால் ஒன்றுக்கொன்று முரணாகிவிடும். கோப்பு எங்கே இருக்கிறது, பழைய கடித எண் என்ன என்பது போன்ற சந்தேகங்களுக்கு மட்டும் பதில் சொல்வதாக எழுதலாம். அதையும் பொறுப்பு ஏற்ற ஒருவர் வழியாக, வாட்ஸ்ஆப் செய்தியாக வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் ஓய்வாக இருக்கும்போது பதில் சொன்னால் போதும் என்று ஆகிவிடும். வீட்டிலிருந்து வேலை என்பது சட்டத்தில் வேறொரு இடத்தில் வருகிறது. 26 வாரம் முடிந்த பிறகு, வேலையின் தன்மை இடம் கொடுத்தால், இரு தரப்பும் பேசி அப்படி வைத்துக்கொள்ளலாம். மேனேஜருக்கு அந்த யோசனை பிடித்திருக்கிறது என்றால் ஜனவரிக்குப் பிறகு உங்களுக்கே அது உதவும். ஆகவே முகத்தில் அடித்தாற்போல் மறுக்காமல் "திரும்பிய பின் பேசலாம் சார்" என்று வையுங்கள்.

திரும்பும் தேதியை உறுதியாகவே எழுதுங்கள். "சூழ்நிலையைப் பொறுத்து" என்று எழுதினால் உங்கள் இடத்துக்கு நிரந்தரமாக ஆள் தேடும் பேச்சு அங்கேயே ஆரம்பித்துவிடும். ஜனவரி 18 உங்கள் துறைக்கு நல்ல தேதியும்கூட. பொங்கல் முடிந்த திங்கள், மார்ச் மாத ஆண்டுக் கணக்கு முடிப்புக்கு இரண்டு மாதத்துக்கு மேல் இருக்கிறது. இதை ஒரு வரியில் சுட்டிக்காட்டுங்கள். திரும்புவதை ஒரு மாதம் முன்பு, டிசம்பர் 18 அன்று, எழுத்தில் உறுதிப்படுத்துவதாகவும் சேருங்கள். அப்படி ஒரு நாள் குறித்துவிட்டால் இடையில் "எப்பம்மா வர்றே?" என்ற போன் வராது. பிரசவத்தாலோ குறைமாதப் பிறப்பாலோ உடல்நலக் கோளாறு வந்தால், மருத்துவச் சான்றுடன் இன்னும் ஒரு மாதம் வரை ஊதியத்துடன் நீட்டிப்பு கேட்கச் சட்டத்தில் இடமுண்டு. குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை என்பது போன்ற காரணத்துக்கு அது பொருந்தாது. அதற்கு உங்கள் சேமிப்பு விடுப்பையோ சம்பளமில்லா விடுப்பையோ தனியாகக் கேட்க வேண்டும். இவை இரண்டையும் இப்போதைய கடிதத்தில் கலக்க வேண்டாம்.

கடிதம் இப்படி இருக்கலாம். உங்கள் அலுவலகத்தில் ஆங்கிலத்தில்தான் கொடுப்பார்கள் என்றால், இதே வரிசையில் ஆங்கிலத்தில் எழுதுங்கள்.

தேதி: 27.04.2026
பெறுநர்: மேலாளர், கணக்குப் பிரிவு
நகல்: மனிதவளப் பிரிவு
பொருள்: மகப்பேறு விடுப்பு, 20.07.2026 முதல் 17.01.2027 வரை

ஐயா,

எனக்கு 20.08.2026 அன்று பிரசவம் எதிர்பார்க்கப்படுகிறது. மருத்துவரின் சான்றிதழை இணைத்துள்ளேன். 20.07.2026 திங்கள் முதல் 17.01.2027 ஞாயிறு வரை, 26 வாரம் (182 நாள்), ஊதியத்துடன் கூடிய மகப்பேறு விடுப்பு வழங்குமாறு கேட்டுக்கொள்கிறேன். எனது கடைசி வேலை நாள் 18.07.2026 சனி. 18.01.2027 திங்கள் அன்று இதே பொறுப்பில் பணிக்குத் திரும்புவேன். ஆண்டுக் கணக்கு முடிப்பில் முழுமையாகப் பங்கேற்க முடியும். இதை 18.12.2026 அன்று எழுத்து மூலம் உறுதி செய்கிறேன்.

எனது மாத வேலைகளை ஏற்க ஒருவரை 04.05.2026-க்குள் நியமித்துத் தருமாறு வேண்டுகிறேன். மே மாதம் நான் செய்வதை அவர் பார்ப்பார். ஜூனில் அவர் செய்ய, நான் உடனிருப்பேன். ஜூலையில் அவர் தனியாகச் செய்து என்னிடம் சரிபார்ப்பார். ஜூன் மாத 3பி ஜூலை 17-க்குள் தாக்கல் செய்யப்படும். விடுப்புக் காலத்தில் வரும் கடைசித் தேதிகளும் அவற்றுக்குப் பொறுப்பானவர்களும் இணைப்பில் உள்ளன. போர்ட்டல்களிலும் வங்கியிலும் உள்ள எனது செல்போன் எண்ணை ஜூன் 30-க்குள் மாற்ற வேண்டியுள்ளது. இதற்கு நிர்வாகத்தின் கையொப்பம் தேவைப்படும்.

விடுப்புக் காலத்தில் நான் எந்த நிறுவனத்திலும் வேலை செய்யமாட்டேன். கோப்புகள் குறித்த சந்தேகங்களுக்கு, பொறுப்பு ஏற்பவர் வாட்ஸ்ஆப்பில் கேட்டால் இயன்றபோது பதில் சொல்வேன். பிரசவம் முன்கூட்டியே நிகழ்ந்தால் உடனே தெரிவித்து, தேதிகளைத் திருத்தித் தருகிறேன்.

விடுப்பு ஒப்புதலையும், மகப்பேறு ஊதியம் வழங்கப்படும் முறையையும் எழுத்தில் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
(பெயர், பணியாளர் எண்)

"ஒருவரை நியமித்துத் தருமாறு" என்று எழுதியிருப்பதைக் கவனியுங்கள். ஆளைக் கண்டுபிடிப்பது மேனேஜரின் வேலை, கற்றுக்கொடுப்பது உங்கள் வேலை. உங்கள் மனதில் ஒருவர் இருந்தால் நேரில் சொல்லுங்கள், அவரைக் கேட்காமல் கடிதத்தில் பெயர் போடாதீர்கள். மே 4-க்குள் யாரையும் தரவில்லை என்றால், 5-ம் தேதி மேனேஜருக்கு ஒரு சின்ன நினைவூட்டல் மெயில் போடுங்கள். பின்னால் "நீ சொல்லிக்கொடுக்காம போயிட்ட" என்ற பேச்சு வந்தால் அந்த மெயில் உங்களுக்குத் துணை நிற்கும்.

கடைசி வரியில் ஊதிய முறையைக் கேட்டிருப்பதற்கும் காரணம் உண்டு. பிரசவ நாள் வரைக்குமான தொகையை முன்கூட்டியும், மீதியைக் குழந்தை பிறந்ததற்கான சான்றைக் கொடுத்த 48 மணி நேரத்துக்குள்ளும் தர வேண்டும் என்பது சட்டம். பல நிறுவனங்கள் வழக்கமான சம்பளம்போல மாதாமாதம் போடுகின்றன. மாதாமாதம் தருவதானால் எந்தத் தேதியில் வரும் என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள், ஆஸ்பத்திரிச் செலவைத் திட்டமிட அது வேண்டும். நிறுவனம் இலவசப் பிரசவ மருத்துவ வசதி செய்து தரவில்லை என்றால் 3,500 ரூபாய் மருத்துவ போனஸ் உண்டு. கேட்காவிட்டால் விட்டுப்போகும் தொகை இது.

குழந்தை தேதி மாறிப் பிறந்தால் என்ன ஆகும்? நீங்கள் விடுப்பில் போன பிறகு, ஆகஸ்ட் 5 என்றாலும் 28 என்றாலும், ஜனவரி 17 மாறாது. மொத்தம் 26 வாரம்தான். விடுப்புக்கு முன்பே, உதாரணமாக ஜூலை 10 அன்று பிறந்துவிட்டால், அன்றிலிருந்தே 182 நாள் ஓட ஆரம்பிக்கும். விடுப்பு ஜனவரி 7-ல் முடியும், 8 வெள்ளி வேலைக்கு வர வேண்டும். அப்போது வீட்டிலிருந்து யாராவது மேனேஜருக்கும் மனிதவளப் பிரிவுக்கும் குழந்தை பிறந்த தேதியைச் சொல்லி இரண்டு வரி மெயில் அனுப்பினால் போதும், பிறப்புச் சான்றைப் பிறகு கொடுக்கலாம். அந்த மெயிலின் வாசகத்தை இப்போதே எழுதி, தேதியை மட்டும் காலியாக விட்டு, உங்கள் கணவரிடமோ அம்மாவிடமோ கொடுத்து வையுங்கள்.

கடிதத்தை நேரில் கொடுத்து, நகலில் தேதியுடன் கையெழுத்து வாங்குங்கள். அதே நாளில் மெயிலிலும் அனுப்புங்கள். அலுவலக மெயிலுக்குள் விடுப்பின்போது போக முடியாமல் போகலாம் என்பதால், ஒப்புதல் வந்ததும் அதை உங்கள் சொந்த மின்னஞ்சலுக்கும் ஒரு பிரதி அனுப்பி வைத்துக்கொள்ளுங்கள்.